அதான் மூன்று ஊசி போட்டாச்சே, இன்னும் எதற்கு?

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்குக் குழந்தையைத் தூக்கிவரும் தாய்க்கு, ஒன்றரை வயது ஊசியின்போது ஒரு கேள்வி எழுவது இயல்பு: “அதான் மூணு ஊசி போட்டாச்சே, சிஸ்டர். இன்னும் எதுக்கு?”

அந்த மூன்றும் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போட்ட பென்டாவேலன்ட். தொண்டை அடைப்பான் கிருமி கக்கும் நச்சை முறிக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்க, குழந்தையின் உடலை அவை பழக்குகின்றன. ஆனால் மாதங்கள் போகப் போக ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைகிறது. அதை உண்டாக்கக் கற்ற நினைவு அணுக்கள் மட்டும் தங்கியிருக்கும். பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் போடும் முத்தடுப்பு ஊசி அவற்றை மீண்டும் தூண்டுகிறது. எதிர்ப்பொருள் முன்னிலும் விரைவாக, முன்னிலும் அதிகமாக ஊறுகிறது. பூஸ்டர் என்று சொல்வது இதைத்தான். அடுத்தது ஐந்து வயதில். பிறகு 10, 16 வயதுகளில் டிடி ஊசி.

‘புரோஃபிலாக்சிஸ்’ என்பது இதைவிட விரிந்த சொல். நோய் வருமுன் காக்கும் எந்த மருத்துவமும் அதில் அடங்கும். தடுப்பூசியும் அதில் ஒரு வகையே. ஆனால் வீட்டில் ஒருவருக்குத் தொண்டை அடைப்பான் வந்துவிட்டால், மருத்துவர் இந்தச் சொல்லால் பெரும்பாலும் குறிப்பது வேறொன்றை: உடனிருந்தவர்களுக்குத் தரும் கிருமிக்கொல்லி மருந்து.

அண்ணனுக்கு நோய் வந்த வீட்டில் இரண்டு வயதுத் தங்கை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவளுக்கு எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது. ஆனாலும் மருந்து உண்டு. ஏனென்றால் ஊசி முறிப்பது நச்சை, கிருமியை அல்ல. கிருமி அவள் தொண்டையில் குடியிருக்கலாம். அவளை அது ஒன்றும் செய்யாது, ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தொற்றிவிடலாம். எனவே எரித்ரோமைசின் ஏழு முதல் பத்து நாள் கொடுப்பார்கள், அல்லது பென்சத்தீன் பெனிசிலின் ஒரே ஊசியாகப் போடுவார்கள். ஒருவேளை அவளுக்கு பூஸ்டர் தவறியிருந்தால் அதையும் அன்றே போடுவார்கள். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது: நோய் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாளில் தலைகாட்டும், எதிர்ப்பொருள் ஊறவும் சில நாட்கள் ஆகும். அண்ணனுக்கோ இந்த இரண்டும் போதாது. பரவிவிட்ட நச்சை முறிக்கும் மருந்து மருத்துவமனையில் தேவை.

2016-இல் கேரளத்தின் மலப்புரத்தில் இந்நோய் பதின்வயதினரின் உயிரைப் பறித்தது. அதன்பின் ஊசி தவறியவர்களைத் தேடித்தேடி டிடி போட்டார்கள்.

வேலைக்காக மலையிறங்கிய குடும்பத்தில் பூஸ்டர் தள்ளிப்போயிருந்தால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பழைய மூன்றும் கணக்கில் இருக்கின்றன. விட்டதைப் போட்டால் போதும். ஏழு வயதுக்குள் முத்தடுப்பு, அதற்குமேல் டிடி. எது விட்டது என்று செவிலியர் பார்த்துச் சொல்ல, தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுவர வேண்டும்.