ஐம்பதுக்கு அஞ்சும் தோழிக்கு என்ன எழுதுவது?

"இந்த வருஷம் கேக் கீக்னு யாரும் வந்து நிக்காதீங்க" என்று தோழி ஒரு மாதம் முன்பே சொல்கிறாள் என்றால், அவளுக்கு ஐம்பது பிறக்கப்போகிறது என்று பொருள். நாற்பத்தெட்டையும் நாற்பத்தொன்பதையும் சாதாரணமாகக் கடந்தவள்தான். முழு எண் வந்ததும் மனம் கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறது. விட்ட வேலை, முடிக்காத படிப்பு, தள்ளிப்போட்ட பயணம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

அந்த நேரத்தில் வாட்ஸ்ஆப் குழுவில் "அரை சதம் அடிச்சாச்சு! இனி மூட்டுவலித் தைலம்தான் பரிசு" என்று ஒருவர் எழுதுவார். "உன்னைப் பார்த்தா முப்பதுன்னுதான் சொல்லுவாங்க" என்பார் இன்னொருவர். இரண்டாவதுதான் அதிகம் உறுத்தும். ஐம்பது மறைக்க வேண்டிய வயது என்பதை அது பாராட்டுப் போலவே சொல்லிவிடுகிறது.

முதுமையைப் பற்றிய எண்ணம் லேசான விஷயமில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக்கா லெவியும் சக ஆய்வாளர்களும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒஹாயோ மாநிலத்தில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 660 பேரைப் பற்றியது அது. தங்கள் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள், அப்படிப் பார்க்காதவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஒரு கேலியால் யாருக்கும் ஆயுள் குறைந்துவிடாது. ஆனால் அந்த எண்ணம் இப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் உருவாகிறது.

அப்படியானால் என்ன எழுதலாம்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"பிறந்தநாள் வாழ்த்துடி. இந்த நாள் உனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்னு தெரியும். போன மாசம் அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப, டாக்டர்கிட்ட நீ கேட்ட கேள்வியில ஒண்ணுகூட எனக்குத் தோணல. நீ பக்கத்துல இருந்ததாலதான் நான் பதறாம இருந்தேன். சனிக்கிழமை காலையில டிபன் சாப்பிடப் போலாம். கேக் கிடையாது, சத்தியமா."

இதில் வயது எங்கும் இல்லை. பயத்தை மறுக்கவும் இல்லை. ஒரே வரியில் ஒப்புக்கொண்டு மேலே போய்விடுகிறது. சொல்லும் சம்பவம் போன மாதத்தது. கல்லூரிக் காலத்தை எடுத்தால், நல்லதெல்லாம் அப்போதே முடிந்துவிட்டது என்று அவள் படித்துக்கொள்வாள். மருத்துவரிடம் அப்படிக் கேட்கும் தெளிவு இருபது வயதில் அவளிடம் இருந்திருக்காது. அது அவளுக்கே தெரியும். "எப்பவாவது பார்ப்போம்" என்றில்லாமல் கிழமையும் சொல்லியிருப்பதால், பிறந்தநாளுக்கு அப்பால் எதிர்பார்க்க ஒன்று இருக்கிறது.

வாழ்த்தால் தீராத நிலையும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால், அதைப் பிறந்தநாள் பயம் என்று விட்டுவிடக் கூடாது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் தூக்கமும் மனநிலையும் குலைவது உண்டு. மருத்துவரிடம் கூடவே போய்வாருங்கள்.

வாழ்த்தைக் குழுவில் போடாதீர்கள். மற்றவர்களின் கேலி தொடங்கும் முன், காலையிலேயே அவளுக்குத் தனியாக அனுப்பிவிடுங்கள்.