விடை சரி, மதிப்பெண் 3: மொழியியல் தாளில் எங்கே குறைகிறது?

பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. “பக்கத்தில் இருந்தவளும் நானும் ஒரே மாதிரிதான் பிரித்திருந்தோம். அவளுக்கு 9, எனக்கு 3.” கேட்கும் பெற்றோருக்கு இது அநியாயமாகத்தான் தெரியும். தாளைத் திருத்துபவர் எதைத் தேடுகிறார் என்று தெரிந்துகொண்டால், இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

இவ்வகைப் பயிற்சியில் மாணவர்களிடம் பேச்சுவழக்கு வாக்கியங்கள் சிலவற்றைக் கொடுத்துவிடுவார்கள். அவற்றில் உள்ள சொற்களை வகைப்படுத்த வேண்டும். ஏன் அப்படி வகைப்படுத்தினோம் என்பதற்கான சான்றை அதே வாக்கியங்களிலிருந்து காட்டவும் வேண்டும். நம் வீடுகளில் கேட்கும் பேச்சையே மாதிரியாக எடுத்துக்கொள்வோம்.

1. பாட்டி பாசார்ல மீன் வாங்கினாங்க.
2. நீயும் பாசாருக்கு வர்றியா?
3. அவனைக் கச்சாவ் பண்ணாத.
4. இன்னிக்கு நான் பெலாஞ்சா பண்றேன்.
5. அந்தப் போராங்கை ஆபீஸ்ல குடு.
6. ஹாரி இனி பானாஸ், குடை எடுத்துட்டுப் போ.

கேள்வி இதுதான்: இவற்றில் வரும் மலாய்ச் சொற்களில் எவை தமிழுக்குள் வந்துவிட்ட கடன்சொற்கள்? எங்கே பேசுபவர் தமிழை விட்டு மலாய்க்கே தாவிவிடுகிறார்? பின்னதை மொழித்தாவல் என்போம்.

மொத்தம் 10 மதிப்பெண் என்றால் அதை இப்படிப் பங்கிடலாம். வகை பிரித்ததற்கு 2, பிரிக்கப் பயன்படுத்திய அளவுகோலுக்கு 3, வாக்கியங்களிலிருந்து காட்டிய சான்றுக்கு 3, சிக்கலான சொல்லை எதிர்கொண்டதற்கு 2. சரியாகப் பிரிப்பதற்குக் கிடைப்பது 2 மட்டும்தான். மீதி எட்டும் ‘ஏன்’ என்ற கேள்விக்கு உரியவை.

முதல் மாணவர் எழுதுகிறார்: “பாசார், கச்சாவ், பெலாஞ்சா, போராங் ஆகியவை கடன்சொற்கள். ஏனென்றால் இவற்றை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். ஆறாவது வாக்கியத்தின் முற்பகுதி முழுக்க மலாய் என்பதால் அது மொழித்தாவல்.”

பிரித்த விதத்தில் குறை இல்லை. ஆனால் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் என்பதை இந்த ஆறு வாக்கியங்களில் எங்கே பார்ப்பது? எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் பேசுவார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் கையில் இருக்கும் தரவை வைத்து அதைச் சரிபார்க்க முடியாது. ‘முழுக்க மலாய், அதனால் மலாய்க்குத் தாவல்’ என்பதும் சொன்னதையே திருப்பிச் சொல்வதுதான். ‘பாசார்’ கூட முழுக்க மலாய்ச் சொல்தானே? அது ஏன் தாவல் ஆகவில்லை? வகைக்கு 2, ஏதோ ஓர் அளவுகோலைச் சொன்னதற்கு 1. மொத்தம் 3.

இரண்டாவது மாணவியும் அதே நான்கு சொற்களைத்தான் கடன்சொல் என்கிறார். ஆனால் அளவுகோலை முதலில் வைக்கிறார்: “சொல் எந்த மொழியின் இலக்கணத்துக்குக் கட்டுப்படுகிறது என்று பார்க்கிறேன்.” பிறகு ஒவ்வொரு வாக்கியமாகப் போகிறார்.

‘பாசார்’ முதல் வாக்கியத்தில் ‘ல’ உருபை ஏற்கிறது, இரண்டாவதில் ‘உக்கு’ ஏற்கிறது. இடத்துக்குத் தகுந்தபடி உருபு மாறுவதால் அது தமிழ்ப் பெயர்ச்சொல்லைப் போலவே நடக்கிறது. ‘போராங்’ என்ற சொல்லுக்கு மலாயில் பாரம் என்று பொருள். அதுவும் ஐந்தாவது வாக்கியத்தில் ‘ஐ’ உருபு ஏற்றிருக்கிறது.

‘கச்சாவ்’, ‘பெலாஞ்சா’ இரண்டிலும் உருபோ விகுதியோ ஒட்டவில்லை. அப்படியானால் அளவுகோல் இங்கே உடைந்துவிட்டதா? இல்லை என்று மாணவி காட்டுகிறார். காலத்தையும் எதிர்மறையையும் பக்கத்தில் நிற்கும் ‘பண்ணு’ சுமக்கிறது: பண்றேன், பண்ணாத. மூன்றாவது வாக்கியத்தில் ‘அவனை’ என்ற செயப்படுபொருள் தமிழ் உருபோடு முன்னால் நிற்கிறது. மலாயில் ‘கச்சாவ்’ முன்னால் வந்து ஆள் பின்னால் வருவார். ஆகவே இங்கே நடப்பது தமிழ் இலக்கணம்.

ஆறாவது வாக்கியம் வேறு மாதிரி. மலாயில் ‘ஹாரி’ என்றால் நாள், ‘இனி’ என்றால் இந்த. தமிழில் ‘இந்த நாள்’ என்போம், மலாயில் ‘நாள் இந்த’ என்ற வரிசை. அந்த வரிசை அப்படியே இருக்கிறது, தமிழ் உருபு எதுவும் இல்லை. அந்தத் துண்டுக்குள் மலாய் இலக்கணம் நடக்கிறது. ‘குடை’ என்ற சொல்லிலிருந்து தமிழ் திரும்பி வருகிறது. தாவல் என்பதற்கு இதுதான் சான்று.

இவருக்கு 9. குறைந்த ஒரு மதிப்பெண் ‘போராங்’ என்ற சொல்லுக்கானது. அது ஒரே ஒரு முறைதான் வருகிறது. நிலைபெற்ற கடன்சொல்லா, அன்று ஒருவர் வாயில் வந்து போன சொல்லா என்று இந்தத் தரவால் சொல்ல முடியாது. மாணவி அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது மாணவர் அதைக் கவனிக்கிறார். மற்ற சான்றுகளெல்லாம் இரண்டாவது தாளில் உள்ளவையே. ‘போராங்’ மட்டும் ‘ஒருமுறைக் கடன்’ என்ற தனி வகையில் போகிறது. காரணம் இப்படி: “உருபு ஏற்பதால் இது தாவல் அல்ல. ஒருமுறை மட்டுமே வருவதால், நிலைபெற்றது என்றும் சொல்ல மாட்டேன்.” ‘கச்சாவ்’, ‘பெலாஞ்சா’ சொற்களும் ஒவ்வொரு முறைதான் வருகின்றன. அவற்றுக்கும் அதே எச்சரிக்கையை ஒரு வரியில் சேர்த்துவிடுகிறார். 10க்கு 10.

இந்த யோசனை புதிதல்ல. டேவிட் சான்கோஃப், ஷானா போப்லக், சுவாதி வன்னியராஜன் மூவரும் 1990ஆம் ஆண்டில் தமிழர் பேச்சில் வரும் ஆங்கிலச் சொற்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒற்றையாக வரும் ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் தமிழ்ப் பெயர்ச்சொற்களைப் போலவே உருபு ஏற்பதை வைத்து, அவற்றை ஒருமுறைக் கடன்கள் என்றே கொள்ளலாம் என வாதிட்டார்கள். அறிஞர்கள் எல்லாரும் இந்தப் பிரிவை ஏற்கவில்லை. ஒற்றைச் சொல்லும் தாவலாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. அறிஞர்களே உடன்படாத இடத்தில், மாணவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதற்கு மதிப்பெண் போட முடியாது. எதை வைத்து நிற்கிறார் என்பதற்குத்தான் போட முடியும்.

திருத்துபவர் செய்யும் வேலையும் எளிமையானதுதான். தரவுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாணவர் காட்டும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குறி போடுகிறார். கடைசியில் குறி விழாத வாக்கியம் எது என்று பார்க்கிறார். பெரும்பாலும் அது அளவுகோலுக்கு ஒத்துவராத வாக்கியமாக இருக்கும். பிறகு மாணவரின் அளவுகோலை மற்ற வாக்கியங்களில் தாமே பொருத்திப் பார்க்கிறார். ‘தமிழ் உருபு ஏற்றால் கடன்சொல்’ என்று எழுதிவிட்டு, உருபே இல்லாத ‘கச்சாவ்’ சொல்லையும் விளக்கமின்றி அதே பட்டியலில் சேர்த்திருந்தால், ஓரத்தில் ‘வாக்கியம் 3?’ என்று எழுதுகிறார். மதிப்பெண் அங்கே குறைகிறது.

தாளை ஒப்படைக்கும் முன் மாணவரே இந்த இரண்டையும் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு ‘ஏனென்றால்’ பக்கத்திலும் ஒரு வாக்கிய எண் இருக்கிறதா? தொடாமல் விட்ட வாக்கியம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அதைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுப் பிறகு கொடுக்கலாம்.