1.93 சதவீதமா, 1.97 சதவீதமா?

1991-க்கும் 2001-க்கும் இடையே இந்திய மக்கள்தொகை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர்ந்தது? போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களைக் கேட்டால் சிலர் 1.93 என்பார்கள், சிலர் 1.97 என்பார்கள். இரண்டுமே அரசு வெளியீடுகளில் உள்ள எண்கள்தான். 2001 கணக்கெடுப்பின் முதற்கட்ட முடிவுகள் வந்தபோது 1.93 என்று சொன்னார்கள். 2011-க்குப் பிறகு வந்த அறிக்கைகளில் அதே பத்தாண்டுக்கு 1.97 என்று இருக்கிறது. அதற்கு அடுத்த பத்தாண்டுக்கு 1.64.

பத்தாண்டு முடிந்து போன பிறகு அதன் வளர்ச்சி எப்படிக் கூடும்? இதற்குப் பாதிக் காரணம் எளிது. முதலில் வந்தது தற்காலிகத் தொகை. பின்னர் வந்த இறுதித் தொகை சற்றுப் பெரியது. மீதிப் பாதிக்குக் காரணம் தலைகளை எண்ணியதில் இல்லை, வளர்ச்சியைக் கணக்கிட்ட முறையில் இருக்கிறது. 1.93 ஒரு வகை வீதம், 1.97 இன்னொரு வகை வீதம். ஒன்றை மற்றொன்றாக மாற்றத் தெரிந்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இறுதித் தொகைகளை வைத்தே பார்ப்போம். 1991-இல் 84.64 கோடி, 2001-இல் 102.87 கோடி. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.2154. அதாவது பத்தாண்டில் 21.54 சதவீத வளர்ச்சி. ஆண்டுக்கு எவ்வளவு என்று கேட்டால் பலரும் 21.54-ஐப் பத்தால் வகுத்து 2.15 என்று சொல்லிவிடுவார்கள். அது தவறு. 84.64 கோடியை ஆண்டுக்கு 2.15 சதவீதம் வளரவிட்டால் பத்தாம் ஆண்டில் 104.7 கோடி வரும். இருந்ததைவிட ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் அதிகம். முதல் ஆண்டில் கூடியவர்களும் இரண்டாம் ஆண்டின் வளர்ச்சிக்கு அடிப்படையாகிவிடுகிறார்கள் என்பதை அந்த வகுத்தல் மறந்துவிடுகிறது.

சரியான ஆண்டு வீதம், பத்து முறை பெருக்கினால் 1.2154 தரவேண்டிய எண்ணிலிருந்து கிடைக்கும். அந்த எண் 1.0197. ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டின் தொகையைப் போல 1.0197 மடங்கு என்றால், ஆண்டு வளர்ச்சி 1.97 சதவீதம். இது கூட்டுவட்டிக் கணக்கேதான். ஆண்டு முடிவில் ஒருமுறை வட்டியைச் சேர்ப்பதாகக் கொள்ளும் இந்த வீதத்தை r என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் குழந்தைகள் டிசம்பர் 31 அன்று மொத்தமாகப் பிறப்பதில்லை. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நிமிடமும் மக்கள்தொகை மாறிக்கொண்டே இருக்கிறது. வட்டியை ஆண்டுக்கு ஒருமுறைக்குப் பதில் மாதாமாதம் சேர்த்தால், அதே ஆண்டு விளைவை எட்டச் சற்றுக் குறைந்த வீதமே போதும். தினமும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறையும். கணத்துக்குக் கணம் சேர்ப்பதாக வைத்துக்கொண்டால் அந்த வீதம் ஓர் எல்லையில் போய் நின்றுவிடும், அதற்குக் கீழே இறங்காது. அதுதான் தொடர் வளர்ச்சி வீதம், k என்போம். 1683-இல் யாக்கோபு பெர்னூலி கூட்டுவட்டியை இப்படிப் பொடிப்பொடியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான், 2.71828 என்று தொடங்கும் மாறிலி தலைகாட்டியது. பின்னர் ஆய்லர் அதற்கு e என்ற எழுத்தைக் கொடுத்தார்.

தொடர் வீதத்தில் வளரும் தொகை ஓராண்டில் e-இன் k அடுக்கு மடங்காகும். ஆண்டு வீதப்படி அது 1 + r மடங்கு. இரண்டும் ஒரே வளர்ச்சியைத்தான் சொல்கின்றன என்பதால் இரண்டும் சமம். மாற்றும் வழி முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது:

```
k = ln(1 + r)
r = e^k − 1
```

ln என்பது இயல் மடக்கை. சயின்டிபிக் கால்குலேட்டரில் அதே பெயரில் ஒரு பொத்தான் இருக்கும். சதவீதத்தை நூறால் வகுத்துத் தசமமாக்கிய பிறகே இதில் போடவேண்டும். 1.97 சதவீதம் என்றால் r = 0.0197, ln(1.0197) = 0.0195. ஆக k 1.95 சதவீதம்.

r தெரியாமலே நேராகவும் k-ஐப் பெறலாம். மொத்த மடங்கான 1.2154-க்கு ln அழுத்தினால் 0.1951. அதைப் பத்து ஆண்டுகளால் வகுத்தால் 0.0195. இங்கே மட்டும் பத்தால் வகுப்பது தவறாகாது. மடக்கை பெருக்கலைக் கூட்டலாக்கிவிடுகிறது. கூட்டிய பத்துச் சம பங்குகளைப் பத்தால் வகுப்பதில் பிழையில்லை. எக்செலில் இப்படி:

```
=LN(102.87/84.64)/10
=EXP(0.01951)-1
```

முதல் வரி k-ஐத் தரும், இரண்டாவது அதை r ஆக்கும். பொத்தான் மாறி ln-க்குப் பதில் log அழுத்திவிட்டால் 0.0085 வரும். அது பத்தடிமான மடக்கை. உரிய விடையில் பாதிகூட இல்லாததால் பிழை உடனே தெரிந்துவிடும்.

இப்போது முதலில் பார்த்த குழப்பத்துக்கு வருவோம். 2001-இல் சொன்ன 1.93, தற்காலிகத் தொகையிலிருந்து பெற்ற k. இறுதித் தொகையைப் போட்டால் அந்த k 1.95 ஆகிறது. அதே தொகைக்கு r கண்டால் 1.97. ஆக 1.93-லிருந்து 1.95 வரை உள்ள வித்தியாசம் எண்ணிக்கை திருத்தப்பட்டதால் வந்தது, 1.95-லிருந்து 1.97 வரை உள்ளது வீதத்தின் வகை மாறியதால் வந்தது. சில அறிக்கைகளில் இந்த 1.97-ஐயும் 'அடுக்குக்குறி வளர்ச்சி வீதம்' என்ற தலைப்பிலேயே போட்டிருப்பதால், படிப்பவர் அதை k என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. தலைப்பை நம்பாமல் ஒருமுறை பெருக்கிப் பார்ப்பதே பாதுகாப்பு. 1.97-ஐ k-யாக வைத்துப் பத்தாண்டு வளர்த்தால் 103.07 கோடி வருகிறது; இருபது லட்சம் பேர் அதிகம். r-ஆக வைத்தால் 102.87 கோடி சரியாக வருகிறது. ஆக அது r.

இரண்டு வீதங்களுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய r-இன் வர்க்கத்தில் பாதி. அதனால் வீதம் சிறியதாக இருக்கும்வரை அது கண்ணில் படாது. இரண்டு சதவீதத்தில் இடைவெளி வெறும் 0.02. பத்து சதவீதம் என்றால் k 9.53. ஐம்பது சதவீதம் என்றால் 40.5. ஆண்டுக்கு இரட்டிப்பாகும் ஒன்றுக்கு r 100 சதவீதம், ஆனால் k 69.3 மட்டுமே. தேய்மானத்தில் இது திரும்பிவிடும்: ஆண்டுக்குப் பாதியாகக் குறைவது r-இல் கழித்தல் 50, k-இல் கழித்தல் 69.3. இரட்டிப்பும் பாதியாதலும் ஒன்றையொன்று சரியாக ஈடுகட்டும் என்பதை k எண்ணிலேயே காட்டிவிடுகிறது. r-இல் இந்தக் கணக்கு நேராக வராது. ஓர் ஆண்டு 50 சதவீதம் ஏறி, மறு ஆண்டு 50 சதவீதம் இறங்கினால் பழைய இடத்துக்கு வருவதில்லை, முக்கால் பங்குதான் மிஞ்சும். k-இல் கூட்டினால் 40.5 − 69.3 = −28.8, e-இன் −0.288 அடுக்கு 0.75.

மக்கள்தொகை ஆய்வாளர்கள் k-ஐ விரும்புவதற்கு இந்தக் கூட்டல் வசதியே காரணம். 2011-இல் இந்தியாவில் ஆயிரம் பேருக்குப் பிறப்பு 21.8, இறப்பு 7.1 என்று மாதிரிப் பதிவு முறை சொன்னது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இயற்கை வளர்ச்சி ஆயிரத்துக்கு 14.7. ஆண்டின் நடுவில் உள்ள தொகையைக் கொண்டு இந்த வீதங்கள் கணக்கிடப்படுவதால், கிடைக்கும் 1.47 சதவீதம் r-ஐவிட k-க்குத்தான் நெருக்கமானது.

காலம் முழு ஆண்டுகளாக அமையாதபோதும் k கைகொடுக்கும். நம் கணக்கெடுப்பு வழக்கமாக மார்ச் 1-ஐ மையமாகக் கொள்வது. 1971-இல் மார்ச் மாதம் மக்களவைத் தேர்தல் வந்ததால் அது ஏப்ரல் 1-க்குத் தள்ளிப்போனது. ஆக 1961–71 என்பது பத்து ஆண்டும் ஒரு மாதமும். 1971–81 பத்து ஆண்டுக்கு ஒரு மாதம் குறைவு. பத்தாண்டு வளர்ச்சியைப் பார்த்தால் முதலாவது 24.80, இரண்டாவது 24.66. வேகம் சற்றுத் தணிந்ததாகத் தோன்றும். இப்போது இரண்டு மடங்குகளுக்கும் ln எடுப்போம்: 0.2215, 0.2204. முதலாவதைப் பத்தால் அல்ல, 10.083-ஆல் வகுத்தால் 2.20 சதவீதம். இரண்டாவதை 9.917-ஆல் வகுத்தால் 2.22 சதவீதம். வரிசை தலைகீழாகிவிட்டது. வேகம் உச்சத்தில் இருந்தது அறுபதுகளில் அல்ல, எழுபதுகளில். இரண்டு காலங்களையும் சேர்த்து இரண்டே மாதம்தான் வித்தியாசம்; ஆனால் கதையின் போக்கையே மாற்ற அது போதுமானதாக இருந்தது.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. k-ஆக இருந்தாலும் r-ஆக இருந்தாலும் கிடைப்பது சராசரி மட்டுமே. பத்தாண்டு முழுவதும் வேகம் மாறாமல் இருந்ததாக வைத்துக்கொண்டு தொடக்கத்தையும் முடிவையும் கோடிட்டு இணைக்கிறோம். நடுவில் எந்த ஆண்டு வேகம் குறைந்தது என்று இந்த எண்ணால் சொல்ல முடியாது. 2001–2011-க்கு k 1.63, r 1.64. முந்தைய பத்தாண்டிலிருந்து இறங்கியிருப்பது தெரிகிறது. அந்த இறக்கம் படிப்படியாக வந்ததா, கடைசி ஆண்டுகளில் சட்டென்று வந்ததா என்பது தெரியாது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். 2011-க்கும் அதற்கும் இடையே பதினாறு ஆண்டுகள். எனவே 'பத்தாண்டு வளர்ச்சி' என்று பழைய பட்டியலில் அப்படியே ஒரு வரி சேர்க்க முடியாது. பதினாறு ஆண்டு வளர்ச்சியைப் பத்தாண்டு வளர்ச்சிக்குப் பக்கத்தில் வைத்தால் வேகம் கூடியதுபோல் தோன்றும். புதிய தொகையை 121.09 கோடியால் வகுத்து, ln எடுத்து, 16-ஆல் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் எண்ணை 2001–2011-இன் 1.63-உடன் ஒப்பிடுங்கள், 1.64-உடன் அல்ல. ஆண்டு வீதமாகச் சொல்லவேண்டுமானால் e-இன் அடுக்காக்கி ஒன்றைக் கழித்துவிட்டு, அதன் பிறகு 1.64-உடன் ஒப்பிடலாம்.