ஒரு ஹோம்ஸ்டே, ஒரு காலண்டர், விடுபட்டுப்போற ஒரு ராத்திரி

திருவையாறு பக்கம் மூணு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துற ஒருத்தர் சொந்தமா ஒரு வெப்சைட் போடுறார்னு வச்சுக்குவோம். ஏர்பிஎன்பி மாதிரி தளங்கள்லயும் அதே ரூம்கள் இருக்கு. எந்த நாள் காலி, எந்த நாள் புக் ஆயிடுச்சுன்னு ரெண்டு இடத்துலயும் ஒரே தகவல் தெரியணும். இதுக்குப் பொதுவா பயன்படுத்துறது ஐகால். ஒவ்வொரு ரூமுக்கும் தனி லிங்க். ஒரு தளம் அந்த லிங்க்குல புக்கிங்கை எழுதி வைக்கும், இன்னொரு தளம் வந்து படிச்சுட்டுப் போகும்.

உள்ளே இருக்கிறதுல முக்கியமானது இவ்வளவுதான்:

```
BEGIN:VEVENT
DTSTART;VALUE=DATE:20260105
DTEND;VALUE=DATE:20260108
SUMMARY:Reserved
END:VEVENT
```

ஜனவரி 5-ல இருந்து 8 வரைக்கும் ரூம் இல்லைன்னு நமக்குத் தோணும். ஆனா ஐகால் விதிப்படி `DTEND`-ல இருக்கிற நாள் கணக்குல சேராது. 5, 6, 7 மூணு ராத்திரிதான் புக் ஆயிருக்கு. 8-ஆம் தேதி காலைல அவங்க கிளம்பிடுவாங்க, அன்னிக்குச் சாயங்காலம் ரூம் காலி. ஹோட்டல் கணக்கே ராத்திரிக் கணக்குதானே, அதனால இந்த விதி அதுக்குக் கச்சிதமா பொருந்துது.

இதைச் சரியாப் படிக்காத வெப்சைட் 8-ஐயும் மூடி வச்சிடும். புகார் சொல்ல யாரும் இருக்க மாட்டாங்க. அந்த ராத்திரி யாருக்கும் காலியாவே தெரியாது, ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஒரு ராத்திரி வருமானம் சத்தமில்லாம போயிடும். தப்பு எழுதுற பக்கம் இருந்தா இன்னும் மோசம். கடைசி ராத்திரியான 7-ஐயே `DTEND`-ல போட்டா, அடுத்த தளத்துக்கு 7 காலியாத் தெரியும். ஒரே ரூமுக்கு ரெண்டு குடும்பம் பெட்டியோட வந்து நிக்கும்.

கண்டுபிடிக்கிறது சுலபம். வெப்சைட்ல ஒரே ஒரு ராத்திரியை மூடுங்க. மறுநாள் காலைல இன்னொரு தளத்துல எத்தனை நாள் மூடியிருக்குன்னு பாருங்க. ஒண்ணுன்னா சரி. பிறகு அந்தப் பக்கத்துல மூடி, இந்தப் பக்கத்துல பாருங்க. ரெண்டு திசையும் பார்த்தே ஆகணும்.

மறுநாள்னு ஏன் சொல்றேன்னா, ஐகால் உடனுக்குடன் வேலை செய்யாது. சில மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் தளங்கள் வந்து படிக்கும். அந்த இடைவெளியில அதே ரூமை இன்னொருத்தர் புக் பண்ணிடலாம். சாதாரண நாள்ல இது அபூர்வம். தியாகராஜ ஆராதனை வாரத்துல அப்படி இல்லை. அப்போ போன்ல "ரூம் இருக்கா?"ன்னு கேட்டா, "இருக்கு"ன்னு சொல்றதுக்கு முன்னாடியே எல்லா தளத்துலயும் கையால மூடிடுறதுதான் பாதுகாப்பு. என்னைக் கேட்டா, அந்த வாரத்துக்கு மட்டும் வெளித் தளங்களை மூடிட்டு நேரடி புக்கிங் மட்டும் எடுக்கலாம். எப்படியும் ரூம் நிறைஞ்சிடும்.

அடுத்து சீசன் ரேட். ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமி அன்னிக்கு முடியும். அது சந்திரக் கணக்கு, அதனால ஆங்கிலத் தேதி நிலையா இருக்காது. 2024-ல ஜனவரி 30, 2025-ல 18, 2026-ல 7. போன வருஷ ரேட்டை அப்படியே இந்த வருஷத்துக்குக் காப்பி பண்ணினா, விழா நாள்ல சாதா ரேட்டும் விழா முடிஞ்சதும் விழா ரேட்டும் நிக்கும். பெரிய கோயில்ல நடக்கிற சதய விழாவும் இப்படித்தான், ஐப்பசி சதய நட்சத்திரத்தைப் பார்த்து வரும். பஞ்சாங்கம் வந்ததும் வருஷத்துக்கு ஒரு தடவை கையால மாத்துறதுதான் வழி.

ரேட்டையும் ராத்திரிக்குத்தான் போடணும். சாதா நாள் 2,500, விழாவுக்கு 3-ல இருந்து 7 வரைக்கும் 4,000 ரூபாய்னு வச்சுக்குங்க. ஒருத்தர் ஜனவரி 2 வந்து 5 கிளம்புறார். 2-ஆம் தேதி ராத்திரிக்கு 2,500, அடுத்த ரெண்டு ராத்திரிக்கு 8,000, மொத்தம் 10,500. வந்த நாளோட ரேட்டையே எல்லா ராத்திரிக்கும் போடுற வெப்சைட் 7,500-ன்னு காட்டும். 3,000 ரூபாய் போச்சு. அதனால சீசன் மாறுற தேதியைத் தாண்டிப் போற மாதிரி ஒரு புக்கிங் போட்டுப் பார்த்துட்டுத்தான் வெப்சைட்டைத் திறக்கணும்.

போட்டோ விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பசேல்னு சம்பா வயல் தெரியுற படத்தைப் போட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா பொங்கலை ஒட்டி அறுவடை ஆரம்பிச்சிடும். ஏப்ரல், மே-ல வர்றவங்களுக்கு வெறும் காய்ஞ்ச வரப்புதான் தெரியும். மேட்டூர் அணை திறக்கிறது வழக்கமா ஜூன் 12. தண்ணி கடைமடை வரைக்கும் வந்து நடவு முடிஞ்ச பிறகுதான் மறுபடி அந்தப் பச்சை. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் "நவம்பர்ல எடுத்தது", "மே மாசம் எடுத்தது"ன்னு எழுதி, கோடைப் படமும் ஒண்ணு சேர்த்துப் போடுங்க. மே மாச ரேட் ஏன் குறைவுன்னு அந்தப் படத்தைப் பார்த்தாலே புரிஞ்சிடும்.