வகுக்க முடிந்தால் நீட்டவும் முடியும்

12-இன் மடங்குகளுக்கு மட்டும் ஒரு சார்பு தரப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 12-ஐ 5-க்கு அனுப்புகிறது. ஆகவே 24 போய்ச் சேருவது 10-இல், 36 போய்ச் சேருவது 15-இல், −12 போய்ச் சேருவது −5-இல். இந்தச் சார்புக்கு உள்ள கட்டுப்பாடு ஒன்றுதான்: அது கூட்டலைக் குலைக்கக் கூடாது. இரண்டு எண்களைக் கூட்டிவிட்டு அனுப்பினாலும், தனித்தனியே அனுப்பிவிட்டுக் கூட்டினாலும் ஒரே விடை வர வேண்டும். 12-இன் மடங்குகளோடு நின்றுவிடாமல் எல்லா முழுக்களுக்கும் இதை நீட்ட முடியுமா? 8-ஐ எங்கே அனுப்புவது? 1-ஐ எங்கே அனுப்புவது?

முதலில் 8-ஐப் பார்ப்போம். 8-ஐ மூன்று முறை கூட்டினால் 24. அதன் இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, 10. ஆகவே 8 போகும் இடத்தை d என்றால் 3d = 10 ஆக வேண்டும். விடைகள் முழுக்களாகவே இருக்க வேண்டும் என்றால் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது, ஏனென்றால் மூன்று மடங்கானால் 10 ஆகும் முழு எதுவும் இல்லை. விடைகள் விகிதமுறு எண்களாக இருக்கலாம் என்றால் d = 10/3 என்று எழுதிவிட்டு மேலே போகலாம். 4 என்பது 12−8; ஆகவே அது 5 − 10/3 = 5/3-க்குப் போகும். 1-ஐ நான்கு முறை கூட்டினால் 4. ஆகவே 1 போகுமிடம் 5/12. சரிபார்க்க வேண்டுமானால் 5/12-ஐ 12 முறை கூட்டிப் பாருங்கள். தொடங்கிய இடமான 5 வந்துவிடும்.

இந்தச் சிறிய கணக்குக்குள்ளேயே ஒரு தேற்றம் முழுதாக இருக்கிறது. அதைச் சொல்ல இரண்டு வரையறைகள் தேவை.

கூட்டவும் கழிக்கவும் முடிகிற, கூட்டும் வரிசை விடையை மாற்றாத ஓர் எண் உலகத்தை எபீலியன் குலம் என்கிறோம். முழுக்கள் ஒரு குலம், விகிதமுறு எண்கள் ஒரு குலம், 12-இன் மடங்குகளும் ஒரு குலம். குலத்தின் ஓர் உறுப்பை மூன்று முறை கூட்டுவதை மூன்றால் பெருக்குவதாகவே கொள்ளலாம். இப்படி எந்த எபீலியன் குலத்திலும் முழுக்களால் பெருக்கும் வசதி தானாகவே அமைந்துவிடுகிறது. இதைத்தான் முழுக்களின் மீதான மாடியூல் என்று சொல்கிறார்கள்.

முதல் வரையறை: ஒரு குலத்தின் எந்த உறுப்பை எடுத்தாலும், பூச்சியமல்லாத எந்த முழு n-ஐ எடுத்தாலும், அந்த உறுப்பை n-ஆல் வகுத்த விடை குலத்துக்குள்ளேயே கிடைத்தால் அது வகுபடும் குலம். விகிதமுறு எண்கள் வகுபடும் குலம். முழுக்கள் அப்படி அல்ல. விடை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்று வரையறை கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விகிதமுறு எண்களில் முழுப்பகுதியைக் கணக்கில் எடுக்காமல் பின்னப்பகுதியை மட்டும் பார்க்கும் குலம் ஒன்று உண்டு. அங்கே 1/4-ஐ இரட்டித்தாலும் 1/2, 3/4-ஐ இரட்டித்தாலும் 1/2. ஆகவே 1/2-ஐ இரண்டால் வகுத்தால் இரண்டு விடைகள் வருகின்றன. அதுவும் வகுபடும் குலமே.

இரண்டாவது வரையறை: B என்று ஒரு குலம், அதற்குள் A என்று ஓர் உட்குலம், A-விலிருந்து D-க்குக் கூட்டலைக் குலைக்காத ஒரு சார்பு. எந்த A, எந்த B, எந்தச் சார்பைக் கொடுத்தாலும் அதை B முழுவதற்கும் நீட்ட முடிந்தால், D ஓர் இன்ஜெக்டிவ் மாடியூல்.

முதல் வரையறை D-க்கு உள்ளே மட்டும் பார்க்கிறது. ஒரு மாணவர் உட்கார்ந்து சோதித்துவிடலாம். இரண்டாவதோ உலகத்தில் உள்ள எல்லாக் குலங்களையும், அவற்றின் எல்லா உட்குலங்களையும் இழுத்து வருகிறது. இரண்டும் ஒன்றேதான் என்பது தேற்றம். எனக்கு இது இன்றும் பெரிய விஷயமாகவே படுகிறது.

ஏன் ஒன்று என்று பார்ப்போம். D வகுபடும் குலம் என்றும், A-விலிருந்து D-க்கு f என்ற சார்பு இருக்கிறது என்றும் கொள்வோம். A-வுக்கு வெளியே, B-க்குள் x என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதை எங்கே அனுப்பலாம்? x-ஐ எத்தனை முறை கூட்டினாலும் A-வுக்குள் வந்து விழாது என்றால் பிரச்சினையே இல்லை. X-ஐ விருப்பம்போல் அனுப்பலாம். எப்போதாவது உள்ளே வந்து விழுகிறது என்றால், அப்படி விழும் மிகச் சிறிய மடங்கை n என்போம். மேலே பார்த்த கணக்கில் x = 8, n = 3. nx என்பது A-வுக்குள் இருப்பதால் f(nx) ஏற்கெனவே தெரியும். nd = f(nx) ஆகும்படி ஒரு d வேண்டும். D வகுபடுவதால் அது கிடைக்கிறது. x-ஐ d-க்கு அனுப்பிவிடலாம்.

ஆனால் இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். x-இன் வேறு மடங்குகளும் A-வுக்குள் வந்து விழலாமே, அவை இந்த d-யோடு முரண்பட்டால்? முரண்படாது. kx என்பது A-வுக்குள் இருந்தால், k-ஐ n-ஆல் வகுத்து வரும் மீதியை r என்போம். அப்போது rx-உம் A-வுக்குள் இருக்கும். ஆனால் r, n-ஐவிடச் சிறியது. N-ஓ மிகச் சிறிய மடங்கு. ஆகவே r பூச்சியமாகத்தான் இருக்க முடியும். அதாவது k, n-இன் மடங்கு. n-க்கு உரிய ஒரே நிபந்தனையைச் சரிசெய்துவிட்டால் மற்றவை எல்லாம் தாமாகச் சரியாகிவிடுகின்றன. பள்ளியில் படித்த மீதியோடு வகுத்தல்தான் இந்த நிரூபணத்தைத் தாங்கி நிற்கிறது.

அந்தத் தாங்கல் இல்லாத இடத்தில் தேற்றமும் நிற்பதில்லை. முழுக்களுக்குப் பதிலாக இரண்டு மாறிகள் கொண்ட பல்லுறுப்புக்கோவைகளால் பெருக்கும் மாடியூல்களை எடுத்துக்கொண்டால், ஓர் உறுப்பின் மீது இரண்டு தனித்தனி நிபந்தனைகள் ஒரே நேரத்தில் விழக்கூடும். ஒவ்வொன்றையும் தனியே தீர்க்க வகுபடும் பண்பு போதும். இரண்டையும் ஒரே d-யால் தீர்க்க அது போதாது. அங்கே வகுபடும், ஆனால் இன்ஜெக்டிவ் அல்லாத மாடியூல்கள் உண்மையிலேயே இருக்கின்றன.

மறுதிசை எளிது. D இன்ஜெக்டிவ் என்றால் அதன் எந்த உறுப்பு y-ஐயும் எடுத்து, n-இன் மடங்குகளிலிருந்து D-க்கு, n-ஐ y-க்கு அனுப்பும் சார்பை எழுதுங்கள். அதை எல்லா முழுக்களுக்கும் நீட்டினால் 1 எங்கே போகிறதோ அதுவே y-ஐ n-ஆல் வகுத்த விடை. ஆகவே D வகுபடுகிறது. நாம் தொடங்கிய 12, 5 கணக்கு ஏதோ ஓர் உதாரணம் மட்டும் அல்ல. முழுக்களைப் பொறுத்தவரை அந்த வகைச் சோதனை ஒன்றே போதும், எல்லா B-க்கும் அதுவே தீர்ப்பு. இந்தச் சுருக்கத்தைக் கண்டவர் ரெயின்ஹோல்ட் பேயர். 1902-இல் பெர்லினில் பிறந்தவர், 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அங்கிருந்த காலத்தில், 1940-இல், இதை வெளியிட்டார்.

பேயர் உண்மையில் கேட்ட கேள்வி வேறு மாதிரியானது: எந்தப் பெரிய குலத்துக்குள் வைத்தாலும், அதிலிருந்து சேதமில்லாமல் பிரித்தெடுக்கக்கூடிய குலங்கள் எவை? D என்ற குலம் B-க்குள் இருக்கிறது. D-யின் உறுப்புகளை அப்படியே தம்மிடமே அனுப்பும் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். D இன்ஜெக்டிவ் என்றால் அது B முழுவதற்கும் நீளும். அப்போது B-யின் ஒவ்வோர் உறுப்பும் D-யில் ஒரு பகுதி, பூச்சியத்துக்குப் போகும் உறுப்புகளில் ஒரு பகுதி என்று ஒரே வழியில் பிரிகிறது. முழுக்களுக்குள் இரட்டை எண்களை இப்படிப் பிரிக்க முயன்றால், மீதிப் பகுதியில் பூச்சியமும் இன்னோர் உறுப்பும் மட்டுமே இருக்க வேண்டும், அந்த உறுப்பை இரட்டித்தால் பூச்சியம் வர வேண்டும். அப்படி ஒரு முழு கிடையாது. இரட்டை எண்கள் கூட்டல் அளவில் முழுக்களின் நகலே என்பதால் இது முழுக்களின் குறைபாடுதான்.

விகிதமுறு எண்களுக்குள் முழுக்களை வைத்தால் நிலைமை இன்னும் மோசம். விகிதமுறு எண்களிலிருந்து முழுக்களுக்கு ஒரு சார்பு 1-ஐ m என்ற முழுவுக்கு அனுப்புகிறது என்போம். 1/n எங்கே போனாலும் அதன் n மடங்கு m ஆக வேண்டும். எனவே m எல்லா n-ஆலும் வகுபட வேண்டும். m-இன் அளவைவிட ஒன்று பெரிய எண்ணை n-ஆக எடுத்தால் m = 0 என்பதைத் தவிர வேறு வழியில்லை. இதேபோல மற்ற விகிதமுறு எண்களும் பூச்சியத்துக்கே போகின்றன. 1-ஐ 1-க்கே அனுப்பும் சார்பை நீட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மேலே உள்ள நிரூபணத்தில் நான் கடந்துபோன ஓர் இடம் இருக்கிறது. ஒவ்வோர் x ஆகச் சேர்த்துக்கொண்டே போனோம். ஆனால் B-யில் உறுப்புகளை ஒன்று, இரண்டு என்று வரிசையிட்டு எண்ண முடியாவிட்டால் இந்த வேலை எப்படி முடியும்? மேக்ஸ் சோர்ன் 1935-இல் வெளியிட்ட கோட்பாடு இங்கே கை கொடுக்கிறது. நீட்டிய சார்புகளில் இனி நீட்ட முடியாதபடி பெரிதான ஒன்று இருக்கிறது என்று அது உறுதி சொல்கிறது. அது B முழுவதையும் தொடாவிட்டால் விடுபட்ட ஒரு x-ஐச் சேர்த்து இன்னும் நீட்டலாம், அது முரண். எனவே அது B முழுவதையும் தொட்டிருக்கிறது.

இதன் விளைவை மெய்யெண்களில் பார்க்கலாம். மெய்யெண்களுக்குள் விகிதமுறு எண்கள் இருக்கின்றன. எனவே எல்லா மெய்யெண்களையும் விகிதமுறு எண்களுக்கு அனுப்பும், கூட்டலைக் குலைக்காத, விகிதமுறு எண் ஒவ்வொன்றையும் அதனிடமே விட்டுவைக்கும் ஒரு சார்பு இருக்கிறது. √2-இன் எந்த மடங்கும் விகிதமுறு எண் ஆகாது, ஆகவே அதை 0-க்கு அனுப்பலாம், 7-க்கும் அனுப்பலாம். இந்தச் சார்பு எங்குமே தொடர்ச்சியானதாக இருக்காது. அப்படி இருந்தால் விகிதமுறு எண்களை நெருங்கி நெருங்கி வந்து √2-உம் தன்னிடமே போக வேண்டியிருக்கும், அதுவோ விகிதமுறு எண் அல்ல. இதை எந்தச் சூத்திரமாகவும் எழுதிக் காட்ட முடியாது. சோர்ன் கோட்பாட்டுக்குச் சமமான தேர்வு அடிகோளை விட்டுவிட்டால், இப்படிப்பட்ட சார்பு இல்லாத கணிதத்தையும் முரணில்லாமல் அமைக்கலாம். 1979-இல் ஆண்ட்ரியாஸ் பிளாஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். வகுபடும் எபீலியன் குலங்கள் அனைத்தும் இன்ஜெக்டிவ் என்ற கூற்றை ஏற்றுக்கொண்டால் அதிலிருந்தே தேர்வு அடிகோள் கிடைத்துவிடும் என்று நிறுவினார். 12, 5 போன்ற கணக்குகளுக்கு அந்த அடிகோள் தேவையே இல்லை; அங்கே 8, 4, 1 என்று மூன்று படிகளில் வேலை முடிந்துவிட்டது.