புறா எச்சமும் வறட்டு இருமலும்

அந்த அம்மாளுக்கு வயது 52. ஒரு வருஷமாக வறட்டு இருமல். சளி வராது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும்.

ஆஸ்துமா என்று மருந்து உறிஞ்சினார். குணமில்லை. காச நோயோ என்று பரிசோதித்தார்கள். கிருமி இல்லை. எக்ஸ்ரே படத்திலும் பெரிதாக எதுவும் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்கள் பல டாக்டர்களைப் பார்த்துவிட்டுத்தான் நுரையீரல் நிபுணரிடம் வருவார்கள்.

நிபுணர் முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

"மூச்சை நன்றாக இழுங்கள் அம்மா."

இழுத்து முடிக்கும் நேரத்தில் 'சரசர' என்று ஒரு மெல்லிய சத்தம்!

அது எப்படி இருக்கும்? காதோரத்தில் நாலு முடியை விரலால் தேய்த்துப் பாருங்கள். அதே சத்தம்தான். குழந்தைகளின் செருப்பில் ஒட்டுப் பட்டையைப் பிரிப்பது போலவும் இருக்கும். இருமச் சொன்னார் டாக்டர். சளியாக இருந்தால் சத்தம் மாறும். இது மாறவில்லை.

இதயம் பலவீனமானாலும் நுரையீரலில் நீர் கோத்து இந்தச் சத்தம் வரும். ஆகவே கால் வீக்கம் உண்டா என்று பார்த்தார். இதயத்தையும் ஸ்கேன் செய்தார். இதயம் நன்றாக இருந்தது.

பிறகு கேள்விகள். என்ன வேலை? என்ன மாத்திரை? மூட்டு வலி உண்டா? சில மாத்திரைகளாலும், மூட்டு வாதத்தாலும்கூட நுரையீரல் கெடும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே பதில் வந்தது.

"வீட்டில் பறவை உண்டா?"

"வளர்க்கவில்லை டாக்டர். ஜன்னலில் புறா கூடு கட்டியிருக்கிறது. தினமும் நான்தான் எச்சத்தைக் கூட்டுவேன்."

"வெளியூர் போனால் இருமல் எப்படி?"

"மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். குறைந்தது. திரும்பியதும் வந்துவிட்டது."

முக்கியமான துப்பு அதுதான்!

காய்ந்த எச்சமும் இறகுத் தூளும் மூச்சில் போகின்றன. சிலருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. நுரையீரலின் காற்றுப் பைகளுக்கு இடையே உள்ள மெல்லிய சுவர் வீங்குகிறது. நாளடைவில் தழும்பாகிறது. இந்தியாவில் 27 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியாயிற்று. இடைச் சுவர் நோய் வந்த 1,084 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த ஒவ்வாமை வகைதான். அவர்களில் பலர் ஏர் கூலர் உபயோகித்தவர்கள். கூலரில் பூஞ்சை வளரும்.

அடுத்தது எச்.ஆர்.சி.டி. என்னும் நுண் ஸ்கேன். நுரையீரலை ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லிய துண்டுகளாகக் காட்டும். மூச்சை இழுத்து ஒரு படம், விட்டு ஒரு படம். மல்லாந்து படுத்தால் முதுகுப் பக்கம் சும்மாவே வெளுப்பாகத் தெரியக்கூடும். ஆகவே குப்புறப் படுக்க வைத்தும் எடுப்பார்கள். நோய் இல்லையென்றால் அந்த வெளுப்பு மறையும்.

அம்மாளின் படத்தில் பனிமூட்டம் போல் வெளுப்பு. மூச்சை விட்ட பிறகும் காற்று வெளியேறாத கரும் திட்டுகள். தேன்கூடு போன்ற ஓட்டைகள் இல்லை. இருந்தால் அது தழும்பு, மாறாது.

கூட்டை வேறொருவர் நனைத்து அகற்றினார். ஜன்னலுக்கு வலை போட்டார்கள். சில மாதம் ஸ்டீராய்டு மாத்திரை. இப்போது மாடி ஏறுகிறார். முதுகில் அந்தச் சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.