'பிடிச்சிருக்கு' என்பதை ஜெர்மனில் எழுதுவது எப்படி?

ஜெர்மனியில் படித்து வளர்ந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், அந்தத் துண்டுச்சீட்டு நினைவிருக்கும். நோட்டிலிருந்து கிழித்த தாள், அதில் ஒரே ஒரு கேள்வி: "வில்ஸ்ட் டூ மிட் மியர் கேஹன்?" சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'என்னோடு வருகிறாயா?' என்றுதான் அர்த்தம். பள்ளிக்கூடத்தில் அது 'நாம ஜோடியா இருக்கலாமா?' என்று கேட்பதாகும். கேள்விக்குக் கீழே மூன்று கட்டங்கள்: யா, நைன், ஃபிலைஷ்ட். ஆமாம், இல்லை, ஒருவேளை. சீட்டு வகுப்பில் கைமாறி உரியவரிடம் போகும். அவர் ஒரு கட்டத்தில் பேனாவால் குறியிட்டுத் திருப்பி அனுப்புவார். இன்றைய பதின்பருவத்தினருக்கு அந்தக் கேள்வி பழைய பாணியாகவும் சின்னப் பிள்ளைத்தனமாகவும் தெரியலாம். ஆனாலும் சீட்டின் அமைப்பில் ஒரு நாகரிகம் இருக்கிறது. 'இல்லை' என்பதற்கும் 'ஆமாம்' அளவுக்கே இடம் விட்டிருக்கிறார்கள்.

1980களிலிருந்தே ஈழத்தமிழ்க் குடும்பங்கள் ஜெர்மனியில் வாழ்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஜெர்மன் தாய்மொழி போலத்தான். இப்போது கணினி வேலைக்காகப் போகும் பெற்றோருடன் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். புதிதாக வந்தவர்களுக்கான மொழி வகுப்பில் சில காலம் படித்துவிட்டுப் பொது வகுப்பில் உட்காரும் பதினைந்து வயதுப் பையனுக்கு இலக்கணம் ஓரளவு கைவந்திருக்கும். எந்தச் சொல் எவ்வளவு கனம் என்பது மட்டும் பிடிபட்டிருக்காது. பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குச் சீட்டு எழுத உட்காரும்போது அவன் இடறுவது அங்கேதான்.

அகராதியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது 'இஷ் லீபெ டிஷ்'. 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்பதற்கு அதுதான் நேரான ஜெர்மன். ஆனால் ஜெர்மானியர்கள் அதை எளிதில் வாயிலிருந்து விடுவதில்லை. சேர்ந்து பழகத் தொடங்கிய இருவர்கூட அந்த வாக்கியத்தை எட்ட மாதக்கணக்கில் ஆகலாம், முதலில் சொல்வது யார் என்பதே பெரிய விஷயமாக இருக்கும். இன்னும் சேர்ந்து ஒரு ஐஸ்கிரீம்கூடச் சாப்பிடாத வகுப்புத் தோழி அதைச் சீட்டில் படித்தால் மகிழ்வதைவிட மிரள்வதற்கே வாய்ப்பு அதிகம். தமிழ்ப் பிள்ளைக்கு இதைப் புரியவைப்பது கடினமில்லை. 'காதலிக்கிறேன்' என்பதற்கும் 'பிடிச்சிருக்கு' என்பதற்கும் இடையே உள்ள தூரம் அவனுக்கே தெரியும்.

அந்த 'பிடிச்சிருக்கு'க்கு மிக அருகில் வருவது 'இஷ் மாக் டிஷ்'. எளிய வாக்கியம், எந்த உறுதிமொழியையும் கேட்காது. நட்பாகவும் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேலாகவும் எடுத்துக்கொள்ளலாம். கூச்சப்படும் பிள்ளைக்கு இந்த இரட்டைத்தன்மை நல்ல மறைவிடம். இதில் 'டிஷ்' என்ற வடிவத்தை மட்டும் சரியாக எழுத வேண்டும். 'எனக்கு உன்னை' என்ற தமிழ் அமைப்பை நினைத்துக்கொண்டு 'மியர்' என்றோ 'டியர்' என்றோ எழுதினால் வாக்கியம் குழம்பிவிடும்.

அடுத்து 'இஷ் ஹாப் டிஷ் லீப்'. ஏமாற்றும் வாக்கியம் இது. 'லீப்' என்ற அன்புச் சொல் உள்ளே இருப்பதால் காதல் போலத் தோன்றும். ஆனால் பேத்தி பாட்டியிடம் சொல்வதும் இதுதான், அம்மா மகனிடம் சொல்வதும் இதுதான், தோழிகள் பிறந்தநாள் வாழ்த்து அட்டையின் அடியில் எழுதுவதும் இதுதான். ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகளுக்கு மேல் அடங்காத காலத்தில் பதின்பருவத்தினர் இதை 'ஹா டே எல்' என்று மூன்றெழுத்தாகச் சுருக்கினார்கள். ஆகவே வகுப்புத் தோழி செய்தியின் முடிவில் அந்த மூன்றெழுத்தைப் போட்டிருந்தால் அதை வைத்து மனக்கோட்டை கட்டக் கூடாது. அவள் அதை எல்லாருக்கும் போடுகிறாளா என்று பார்க்க வேண்டும்.

மனம் தடுமாறுவதை உள்ளபடியே சொல்ல இன்னொரு சொல்லும் உண்டு: 'ஃபெர்க்னால்ட்'. ஒருவர் மேல் திடீரென்று ஆசை வந்து விழுந்துவிட்ட நிலை. 'ஃபெர்லீப்ட்' என்பதைவிட இலேசான, விளையாட்டான சொல். நண்பனிடம் ரகசியம் சொல்லும்போது இயல்பாக வரும். உரியவருக்கே எழுதும் முதல் சீட்டில் அதையும் தவிர்ப்பது நல்லது.

அந்தப் பையன் முதலில் இப்படி எழுதியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்: 'என் அன்பிற்கினியவளே, நான் உன்னைக் காதலிக்கிறேன். நீயில்லாமல் வாழ முடியாது. என் ஃப்ராய்ன்டினாக இருப்பாயா? என்றும் உன்னுடைய...' ஜெர்மனில் ஒரு பிழைகூட இல்லாமல் எழுதினாலும் ஒவ்வொரு வரியும் கனக்கும். ஃப்ராய்ன்டின் என்றால் தோழி என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் அதன் முன்னால் 'என்' சேர்ந்துவிட்டால் அது காதலியைக் குறிப்பதாகவே பெரும்பாலும் கேட்பவர் நினைப்பார். வெறும் தோழி என்று சொல்ல 'ஐனெ ஃப்ராய்ன்டின் ஃபான் மியர்', அதாவது 'என் தோழிகளில் ஒருத்தி' என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும். நட்பைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு அவன் உறவையே கேட்டுவிட்டான்.

அதே சீட்டைத் திருத்தினால் நான்கு வரி போதும். முதலில் ஹலோ, கூடவே அவள் பெயர். பிறகு 'இஷ் ஸிட்ஸெ கெர்ன் நேபன் டியர்', உன் பக்கத்தில் உட்காருவது எனக்குப் பிடிக்கும். அடுத்து 'ஹாஸ்ட் டூ லுஸ்ட், அம் ஃப்ரைடாக் மிட் மியர் ஐன் ஐஸ் ட்ஸு எஸ்ஸன்?', வெள்ளிக்கிழமை என்னோடு ஐஸ்கிரீம் சாப்பிட வர விருப்பமா? கடைசியில் 'வென் நிஷ்ட், இஸ்ட் எஸ் அவ்க் ஓகே', இல்லையென்றாலும் பரவாயில்லை. கீழே வெறும் பெயர். 'இஷ் மாக் டிஷ்' என்பதைக்கூட இதில் சேர்க்கத் தேவையில்லை. பக்கத்தில் உட்காரப் பிடிக்கும் என்பதிலேயே அது ஒளிந்திருக்கிறது. பொதுவாகப் புகழும் வரியைவிட, இருவருக்கும் தெரிந்த ஒரு சின்ன உண்மைதான் படிப்பவரைப் புன்னகைக்க வைக்கும்.

'லுஸ்ட்' என்ற சொல்லை ஆங்கிலம் தெரிந்த பிள்ளை பார்த்துத் திடுக்கிடலாம். ஒரு செயலைச் செய்ய மனமிருக்கிறதா என்று கேட்கும்போது அது முற்றிலும் சாதாரணச் சொல். ஆசிரியரும் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரரும் கேட்பார். ஐஸ்கிரீமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் ஆளைக் குறித்து எழுதினால்தான் அது உடல் இச்சையாக மாறும்.

பதிலைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 'நீ நெட்' என்று வந்தால் நல்லவன் என்றுதான் பொருள், ஆனால் வெதுவெதுப்பான பாராட்டு. பெரும்பாலும் மறுப்பதற்கு முன்னால் வரும். பின்னால் 'ஆபர்', அதாவது 'ஆனால்', வந்துவிட்டால் மேலே படிக்கவே தேவையில்லை. தோழனாக மட்டும் பிடிக்கும் என்று எழுதியிருந்தால் அதற்கு வேறு உள்ளர்த்தம் தேடக் கூடாது. அங்கே 'நைன்' என்றால் நைன்தான். இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாம் முறை சம்மதிக்கும் கதாநாயகியை அந்த வகுப்பில் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே அந்த வயதில் அந்த ஊரில் இருக்கும் பிள்ளைகள் இலக்கணப் பிழைக்குப் பயப்பட வேண்டாம். 'டிஷ்', 'டியர்' மாறிப்போனால் அவள் சிரித்துக்கொண்டே திருத்தித் தருவாள். சீட்டை மடிப்பதற்கு முன் 'இல்லையென்றாலும் பரவாயில்லை' என்ற கடைசி வரி இருக்கிறதா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.